அப்பாவின் கைத்தடி அம்மாவுக்கு ஒத்துவருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். காலமான அப்பாவின் மரக் கைத்தடியை ஆறு மாதமாக வலது கையில் ஊன்றி நடக்கிறார். இப்போது வலது தோளும் வலிக்கிறது என்கிறார். போன மாதம் விடியற்காலையில் எழுந்து பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். அடி பெரிதாக இல்லை. சக்கரம் வைத்த வாக்கர் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார் சென்னையில் இருக்கும் அண்ணன். வாக்கர் என்றாலே அம்மா அழுகிறார். நாலு கால் ஊன்றுகோல் வாங்கலாமா என்று நான் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவோ, தடி பிடித்துப் பழகினால் காலில் இருக்கிற பலமும் போய்விடும் என்கிறார். எதை வாங்குவது? எவ்வளவு உயரத்தில்?
— பெயர் வேண்டாம், கும்பகோணம் பக்கத்து ஊர்

பிசியோதெரபிஸ்ட் பதில்:

வாங்குவதைப் பிறகு பார்க்கலாம். அந்த விடியற்காலை என்ன நடந்தது என்று அம்மாவிடம் ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். கால் வழுக்கியதா, நிலைப்படியில் தடுக்கியதா, முழங்கால் சட்டென்று மடங்கியதா, இல்லை எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்ததா? எல்லாவற்றையும் நாம் ‘விழுந்துட்டாங்க’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த நான்கில் முழங்கால் மடங்குவதற்கு மட்டும்தான் கைத்தடி நேரடி மருந்து.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், சர்க்கரையும் இருக்கிறது, விழுந்ததோ படுக்கையிலிருந்து எழுந்த கையோடு. அதனால் கண் இருட்டலைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பிரஷர் பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், இல்லை கீழ் அளவு 10 இறங்கினால், அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். விழுந்த பிறகு இடுப்பு மடிப்பிலோ தொடையிலோ புதிதாக ஒரு வலி வந்து இன்னும் இருக்கிறது என்றால், நடக்கிறாரே என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இடுப்பெலும்பில் கீறல் விழுந்தும் சில நாள் நடமாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி தடிக்கு வருவோம்.

எந்தக் கையில் பிடிப்பது

வலிக்கிற கால் வலது என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் என்னை நம்பாமல்தான் பார்ப்பார்கள். குலை தள்ளிய வாழை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தானே முட்டுக் கொடுக்கிறோம் என்று உங்கள் ஊர்க்காரர் ஒருவரே என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வாழை நின்ற இடத்தில் நிற்கிறது, மனிதர் நடக்கிறார்.

தடி இல்லாமல் நாம் நடக்கும்போது வலது காலோடு இடது கைதான் முன்னால் போகிறது. இடது கையில் தடி இருந்தால் வலது காலும் தடியும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். வலிக்கிற கால் உடம்பைத் தாங்கியாக வேண்டிய அந்த நொடியில் பாரத்தில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொள்கிறது. அந்த நொடியில் இடது பாதம் காற்றில் இருப்பதால் உடம்பின் இடது பாதிக்குக் கீழே தாங்கல் இல்லை. தடி நிற்பது சரியாக அங்கேதான். அதே பக்கத்துக் கையில் பிடித்தால் உடம்பு முழுவதும் வலிக்கிற காலின் மேலேயே சாய்கிறது. ஏற வேண்டாத பாரம் அந்தக் காலிலேயே ஏறுகிறது.

கை மாற்றிய முதல் சில நாட்கள் அம்மாவுக்கு எரிச்சலாக இருக்கும். வலது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், இடது கையில் தெம்பே இல்லை என்பார். ஒரு வாரம் வீட்டுக் கூடத்துக்குள் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது நடக்கட்டும். “தடியும் வலது காலும், அப்புறம் இடது கால்” என்று வாயால் சொல்லிக்கொண்டே நடந்தால் சீக்கிரம் பிடிபடும். தடியைப் பாதத்துக்கு நேர் முன்னால் ஊன்றக் கூடாது, காலே அதில் தட்டும். பாதத்துக்குப் பக்கவாட்டில் அரைச் சாண் தள்ளி, கட்டைவிரலுக்குச் சற்று முன்னால் ஊன்றினால் போதும். எட்டி ஊன்றினால் உடம்பு அதன் பின்னாலேயே இழுபடும்.

உயரம்

தோள்வலிக்குக் காரணம் அநேகமாக இங்கேதான் இருக்கிறது. கடையில் விற்கிற மரத்தடி பெரும்பாலும் மூன்றடி, அதாவது 91 சென்டிமீட்டர். உயரமான ஆணுக்கு அது ஏறக்குறைய சரியாக இருக்கும். அப்பாவுக்குப் பொருந்தியும் இருந்திருக்கும். அம்மாவின் உயரத்தை நீங்கள் எழுதவில்லை. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்துக்கு வேண்டிய தடி 73 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அப்படியானால் அவர் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சாணுக்குச் சற்றே குறைவாக, 18 சென்டிமீட்டர் கூடுதலான தடி. ஒவ்வொரு அடிக்கும் தோளைத் தூக்கித் தூக்கித்தான் அதை ஊன்ற முடியும். ஆறு மாதம் அப்படிச் செய்தால் யாருக்கும் தோள் வலிக்கும்.

நான் சொன்ன கணக்கை வைத்துக் கடைக்குப் போக வேண்டாம், அளந்து பாருங்கள். அம்மா வழக்கமாகப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு, சமையல் மேடையை வலது கையால் லேசாகத் தொட்டபடி நிற்கட்டும். இடது கை தளர்வாகத் தொங்கட்டும். முதுகு கொஞ்சம் கூனியிருந்தால் அப்படியே இருக்கட்டும், ‘நிமிர்ந்து நில்லும்மா’ என்று சொல்லாதீர்கள். நடக்கும்போது எப்படி நிற்பாரோ அந்த நிலைதான் அளவு. மணிக்கட்டின் உள்பக்கம் உள்ளங்கை தொடங்கும் இடத்தில் ஒரு மடிப்புக்கோடு தெரியும். அந்தக் கோட்டிலிருந்து தரை வரை அளந்தால், பிடியின் உச்சியிலிருந்து ரப்பர் நுனி வரை தடி அந்த நீளம் இருக்க வேண்டும்.

பிறகு தடியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். ஊன்றி நிற்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், ஏறக்குறைய 20 டிகிரி. கை விறைத்து நேராக நின்றால் தடி குட்டை. அப்போது உடம்பு தடிப் பக்கம் சாயும், முதுகு வலிக்கும். முழங்கை நன்றாக மடங்கித் தோள் காதை நோக்கி ஏறினால் தடி உயரம். எதிரே நின்று இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அலுமினியத் தடியில் பொத்தானை அழுத்தி உயரம் மாற்றலாம். ஓட்டைகள் சுமார் ஓர் அங்குல இடைவெளியில் இருக்கும். அளவு இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே விழுந்தால் இரண்டிலும் கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, தோள் தூக்காத உயரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் முழுவதும் வெளியே துருத்திக்கொண்டு ‘டக்’ என்று உட்கார்ந்ததா, அதன் கீழே உள்ள வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பாருங்கள். பாதி உட்கார்ந்த பொத்தான், ஆள் சாய்கிற நேரம் பார்த்து உள்ளே போய்விடும்.

அப்பாவின் தடி

அலுமினியத் தடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் அப்பாவின் தடியை அம்மா விடமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விட வேண்டிய அவசியமும் இல்லை, மரம் உளுக்காமல், வெடிக்காமல் இருந்தால் போதும். அம்மாவே சம்மதித்தால் அதை வெட்டி அளவாக்கலாம். தடியைத் தலைகீழாகத் திருப்பி, பிடி தரையில் இருக்க, நுனி மேலே வரும்படி அம்மாவின் இடது பக்கம் நிறுத்துங்கள். மணிக்கட்டுக் கோடு தடியில் எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் குறி போடுங்கள். ரப்பர் புஷ் மாட்டினால் அதன் அடிப்பகுதி சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரம் கூட்டும். ஆகவே குறிக்கு ஒரு சென்டிமீட்டர் பிடிப் பக்கமாகத் தள்ளி வெட்ட வேண்டும். தச்சரிடம் கொடுத்தால் ஒரே போடாக வெட்டாமல், முதலில் அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஊன்றிப் பார்த்து மீதியை எடுக்கலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

புஷ்ஷை வெட்டிய பிறகுதான் வாங்க வேண்டும். மரத்தடி மேலிருந்து கீழே மெலிந்து வருகிறது. 18 சென்டிமீட்டர் வெட்டினால் நுனி முன்பைவிடத் தடிமனாக இருக்கும், பழைய புஷ் நுழையாது. இன்னொன்று, பழைய தடிகளின் நுனியில் இரும்பிலோ பித்தளையிலோ பூண் போட்டிருப்பார்கள். மண் தரைக்கும் தெருவுக்கும் அது சரி. டைல்ஸ் தரையில் அதை ஊன்றுவதும் சோப்புக் கட்டியை ஊன்றுவதும் ஒன்றுதான். எந்தத் தடியானாலும் மாதம் ஒருமுறை புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள வரிப்பள்ளங்கள் தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். விலை மிகக் குறைவு, ஆனால் யாரும் மாற்றுவதில்லை. புஷ் கிழிந்து உள்ளிருந்த உலோகக் குழாய் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தடியோடு வாரத்துக்கு ஒருவராவது என் அறைக்குள் வருகிறார்.

வெட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். புதியது நடக்க, பழையது மூலையில் சாத்தி வைக்க. எதுவானாலும் ஒரு மூலையில் இரண்டு உயரத்தில் இரண்டு தடி இருந்தால் இருட்டில் கை பழையதைத்தான் தேடும். பழையதை வேறு அறையில் வையுங்கள்.

நாலு கால், வாக்கர்

கால் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்கத் தோன்றும். நாலு கால் ஊன்றுகோல் தானாக நிற்கும், கீழே விழுந்து குனிந்து எடுக்க வேண்டியதில்லை என்பது உண்மையான வசதி. பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் வேலை செய்கிற, மெல்ல நடக்கிற ஒருவருக்கு நான் அதைத்தான் எழுதிக் கொடுப்பேன். ஆனால் நாலு காலும் ஒரே நேரத்தில் சமமாகத் தரையில் உட்கார்ந்தால்தான் அதற்குப் பலம். கொஞ்சம் வேகமாக நடந்தால் பின்கால் முதலில் பட்டு, பிறகு முன்கால் பட்டு, ஊஞ்சல் மாதிரி ஆடும். படியிலும் நிலைப்படியிலும் இரண்டு கால் மேலே, இரண்டு கால் அந்தரத்தில். ஒரு மூட்டு மட்டும் வலித்து, மற்றபடி தடுமாற்றம் இல்லாதவருக்கு ஒற்றைத் தடியே மேல். எப்போதாவது நாலு கால் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். அடிப்பாகத்தில் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வெளியே விரிந்தும் இருக்கும். நேரான பக்கம்தான் காலை ஒட்டி வர வேண்டும். திருப்பிப் பிடித்தால் அதன் காலே அம்மாவைத் தடுக்கிவிடும். கை மாற்றும்போது அடிப்பாகத்தையும் திருப்பிக்கொள்ள வேண்டும்.

வாக்கர் யாருக்கு வேண்டும்? தடி, உடல் எடையில் கால் பங்கு வரைதான் தாங்கும். அதற்கு மேல் தாங்கல் தேவைப்படுகிறவருக்கும், இரண்டு பக்கமும் தள்ளாடுகிறவருக்கும், அறுவை சிகிச்சை முடிந்து நடக்கத் தொடங்குகிறவருக்கும் வாக்கர். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். சரியான உயரத் தடியை இடது கையில் கொடுத்துப் பத்தடி நடக்கவிடுங்கள். அப்போதும் வலது கை சுவரையோ நாற்காலியையோ தேடிப் போனால் ஒரு தடி போதவில்லை என்று பொருள். கை சும்மா தொங்கினால் அண்ணனின் வாக்கர் இப்போதைக்கு வேண்டாம்.

அண்ணன் சொல்வது நாலு சக்கரமும் உட்காரும் பலகையும் வைத்த வகையாக இருந்தால், அது சமதளத்தில் வெளியே நடக்க நல்லது. பிரேக்கைக் கையால் பிடிக்கத் தெரிய வேண்டும். பாரத்தைப் போட்டுச் சாய்ந்தால் முன்னால் ஓடிவிடும். வீட்டுக்குள் என்றால் சக்கரமே இல்லாததோ, முன்னால் இரண்டு சக்கரம் மட்டும் உள்ளதோதான் ஏற்றது. அதையும் வாங்கும் முன் பாத்ரூம் கதவின் அகலத்தை அளந்து அண்ணனுக்கு அனுப்புங்கள். நம் வீடுகளில் அது பல இடங்களில் இரண்டடிதான். வாக்கரும் ஏறக்குறைய அதே அகலம். விழுந்த இடத்துக்குள்ளேயே நுழையாத வாக்கரை வாங்கி என்ன செய்வது?

பின்னாளில் வாக்கர் தேவைப்பட்டால் உயரம் அதே மணிக்கட்டுக் கோடுதான். நாலு காலும் தரையில் ஊன்றிய பிறகு வலிக்கிற காலை முதலில் வைத்து, சட்டத்துக்குள்ளே அடியெடுத்து வைக்க வேண்டும். தள்ளி வைத்துவிட்டு எட்டி எட்டிப் போவதும், முன்கம்பியில் வயிறு முட்டும்வரை நெருங்குவதும் இரண்டுமே விழவைக்கும். நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது நம் மேலேயே கவிழும். நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்து நின்ற பிறகுதான் வாக்கரைப் பிடிக்க வேண்டும். தடிக்கும் இதேதான்.

படியும் பாத்ரூமும்

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். அம்மாவுக்கு என்றால், ஏறுகையில் இடது கால் மேல்படிக்குப் போகும், பிறகு தடியும் வலது காலும் அதே படிக்கு. இறங்குகையில் தடியும் வலது காலும் கீழ்ப்படிக்கு, பிறகு இடது கால். கைப்பிடி இருந்தால் ஒரு கை அதில், மறு கையில் தடி. கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பிடிப்பதுதான் முக்கியம். படியில் மட்டும் தடி கை மாறினாலும் பரவாயில்லை. வாசலில் மூன்றே படி என்றாலும் ஒரு பக்கம் குழாய்க் கைப்பிடி போட்டுவிடுங்கள்.

ஈரத் தரையில் தடியை நம்பக் கூடாது. கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் குளிக்கும் இடத்தில் ஒன்றுமாகச் சுவரில் திருகி இறுக்கிய கைப்பிடி வேண்டும். துண்டு போடுகிற கம்பி ஆளைத் தாங்காது. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்து முறை ஆட்டிவிட்டு நிற்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு வார்த்தை. தடியால் கால் பலம் போவதில்லை. வலிக்குப் பயந்து நடையைக் குறைப்பதால்தான் தொடைச்சதை கரைகிறது. தடி பிடித்து அம்மா கோயில் வரை போய்வந்தால் சதைக்கு வேலை கூடத்தான் செய்கிறது. அதோடு நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி பிடித்து மெல்ல இறக்குவதைப் பத்துப் பத்தாகக் காலையும் மாலையும் செய்யச் சொல்லுங்கள்.

செலவு ஒரு பாரம் என்றால், மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற திட்டம் 2017 முதல் இருக்கிறது. 60 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்குக் கைத்தடி, வாக்கர் போன்றவற்றை முகாம் நடத்தி இலவசமாகக் கொடுக்கிறார்கள். அடுத்த முகாம் எப்போது என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கே வாங்கினாலும் உயரத்தை நீங்கள்தான் வைத்துக்கொடுக்க வேண்டும். கொடுத்த உயரத்திலேயே வருடக்கணக்கில் நடப்பவர்கள் நிறைய.

தடி கை மாறி உயரமும் சரியான பிறகு தோள்வலி மூன்று வாரத்துக்குள் தணியத் தொடங்க வேண்டும். தணியவில்லை, தலை பின்னக் கை பின்னால் போகவில்லை, ரவிக்கை போடக் கஷ்டப்படுகிறார் என்றால் அது தடியால் வந்த வலி மட்டும் அல்ல. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அடிக்கடி வருவதுதான். அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.